என் பெயரை எடுத்துவிடுங்கள், ப்ளீஸ்

என் தோழி ஒருத்தி பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் புராஜெக்ட்டில் நான்கு வருடம் இருந்தவளை, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வங்கியின் புராஜெக்ட்டுக்கு மாற்றினார்கள். பொறுப்பையெல்லாம் ஒரு ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். ஆனால் செவ்வாய்தோறும் இரவு ஏழரைக்கு வரும் பழைய ஸ்டேட்டஸ் கால் மட்டும் அவளுடைய காலண்டரில் நீலக் கட்டமாக அப்படியே உட்கார்ந்திருந்தது. ஏழரை மணிக்கு அவள் ஆபீஸ் கேபில் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருப்பாள். யார் அதைக் கண்டுகொள்கிறார்கள்?

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். நியூயார்க்கில் காலை பத்து மணி கால் காலை பத்து மணிக்கேதான் நடந்தது. சென்னையில் அது எட்டரை ஆகிவிட்டது. அதே வாரம் புது மேனேஜர், வங்கி டீமோடு பேச செவ்வாய் இரவில் அரை மணி நேரம் தேடியிருக்கிறார். எட்டரைக்கு அவள் பிஸி என்று காட்டியது காலண்டர். பெரிய மனது பண்ணி ஒன்பதரைக்கு வைத்துவிட்டார். பையனைத் தூங்க வைக்கிற நேரம் அது. தான் போகவே போகாத ஒரு மீட்டிங்குக்காக, போயே ஆக வேண்டிய மீட்டிங் ஒரு மணி நேரம் தள்ளிப்போன கதையை அவள் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "டிக்ளைன் பண்ணித் தொலையேன்டி" என்றேன்.

பண்ணினாள். தொடர் முழுவதற்கும் சேர்த்தே Decline அழுத்தினாள். நீலக் கட்டங்கள் மறைந்தன. இரண்டு வாரம் கழித்து, பழைய மேனேஜர் மீட்டிங்கின் லிங்க்கை மாற்றி எல்லோருக்கும் புதுப்பித்து அனுப்பினார். அழைப்பு மறுபடி அவள் இன்பாக்ஸில் வந்து நின்றது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது, நான் சொன்ன யோசனை பாதிதான் சரி என்று.

கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று சொல்வது ஒன்று. இனி எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம் என்று சொல்வது வேறொன்று. Decline முதல் வகை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று அழைத்தவரின் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு விழும். பெயர் அங்கேயேதான் இருக்கும். அதனால் அவர் நேரத்தை மாற்றினாலும் அறையை மாற்றினாலும் லிங்க்கை மாற்றினாலும் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போவதுபோல் உங்களுக்கும் போகும்.

இது அவுட்லுக்கின் குறையோ கூகுள் காலண்டரின் குறையோ இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் காலண்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஐகேலண்டர் என்று ஒரு பொது வரையறை இருக்கிறது. 1998-இல் வகுத்து 2009-இல் திருத்தியது. அதில் ஒரு கூட்டத்துக்கு அழைத்தவர் ஒருவர்தான் உரிமையாளர். மற்றவர்கள் எல்லாம் அழைக்கப்பட்டவர்கள். அழைக்கப்பட்டவர் வருகிறேன், வரவில்லை, ஒருவேளை வருவேன் என்று பதில் சொல்லலாம். வேறு நேரம் வையுங்கள் என்று கேட்கலாம். தன் பெயரைத் தானே அடிக்க அவருக்கு வழியில்லை. அது அழைத்தவரின் கையில் மட்டும்தான். ஆகவே எழுதிக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கேட்பது என்றவுடன் நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம். அவளுக்கும்தான். "ஒதுங்கிப் போறான்னு நினைச்சுப்பாரோ? நாளைக்கு அவர்கிட்டதானே அப்ரைசலுக்கு ஃபீட்பேக் கேட்பாங்க?" என்று இரண்டு நாள் இழுத்தாள். கடைசியில் எனக்கு ஒரு டிராஃப்ட் அனுப்பினாள். தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் என்று தொடங்கி, இந்த மீட்டிங் இப்போது எனக்குச் சம்பந்தமில்லாதது என்று போய், தவறாக நினைக்க வேண்டாம் என்று முடிந்திருந்தது. மூன்றில் நடுவாக்கியம்தான் வம்பு. வாரா வாரம் உட்கார்ந்து அந்த மீட்டிங்கை நடத்துகிற மனிதருக்கு, அது வெட்டி வேலை என்று சொன்னதுபோல் கேட்கும். முதலும் கடைசியும் வெறும் கும்பிடு. எந்த மீட்டிங், எப்போதிலிருந்து, இனி யார் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்றும் எங்கேயும் இல்லை.

அவள் கடைசியில் அனுப்பியது ஆங்கிலத்தில்தான். சாரம் இது:

"செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து நான் வங்கி புராஜெக்ட்டில் இருக்கிறேன். என்னிடமிருந்த ரிக்ரஷன் டெஸ்டிங் முழுவதையும் ஜூனியர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவர் ஏற்கெனவே இந்த அழைப்பில் இருக்கிறார். செவ்வாய் இரவு 8.30 ஸ்டேட்டஸ் கால் தொடரிலிருந்து என் பெயரை எடுத்துவிட முடியுமா? பழைய டெஸ்ட் கேஸ்களில் சந்தேகம் வந்தால் இந்த மாத முடிவு வரை எனக்குத் தனியாக எழுதுங்கள், சொல்கிறேன்."

நான்கே வரி. மீட்டிங் நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை. ஆள் மாறிய தேதி இருக்கிறது. அது ஒரு செய்தி, அபிப்பிராயம் இல்லை. அதில் யாரும் கோபித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இரண்டாவது வரிதான் உண்மையில் வேலை செய்கிறது. எந்த மேனேஜரும் ஒருவரைப் பட்டியலில் விட்டுவைப்பது பாசத்தால் இல்லை. கிளையன்ட் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்ற பயத்தால். அந்த ஆள் இன்னார் என்று பெயர் சொல்லிவிட்டால் பயம் போய்விடும், உங்கள் பெயரும் போய்விடும். மாற்று ஆள் அந்த அழைப்பில் இல்லை என்றால் அவரைச் சேர்க்கும்படியும் அதே வரியில் கேட்டுவிடலாம்.

கடைசி வரியில் "இந்த மாத முடிவு வரை" என்று ஒரு எல்லை இருக்கிறதே, அதை நான்தான் சேர்க்கச் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தாள். அப்படி எழுதினால் அடுத்த தீபாவளிக்கும் கேட்பார்கள்.

மேனேஜரிடமிருந்து பத்து நிமிடத்தில் பதில்: "சரிம்மா, எடுத்துட்டேன்." மீட்டிங் ரத்து என்ற அறிவிப்பும் வந்தது. அவளும் நிம்மதியாக அதைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டாள். அதற்கடுத்த செவ்வாய் எட்டரைக்கு மறுபடி மணி அடித்தது.

இது அடிக்கடி நடக்கிற கூத்து. வாரா வாரம் வரும் கூட்டத்தைக் காலண்டரில் கிளிக் செய்தால், அந்த ஒரு நாளையா, தொடர் முழுவதையுமா, எதைத் திறக்க வேண்டும் என்று அவுட்லுக் கேட்கும். அவசரத்தில் இருப்பவர் ஒரு நாளைத் திறந்து, பெயரை அடித்து, அனுப்பிவிடுவார். அந்தச் செவ்வாய் மட்டும் போகும். மற்ற செவ்வாய்கள் அப்படியே இருக்கும். இதை வந்த அறிவிப்பிலேயே கண்டுபிடிக்கலாம். தேதி இருக்கும் இடத்தில் ஒரே ஒரு தேதி இருந்தால் ஒரு நாள்தான் போயிருக்கிறது. செவ்வாய்தோறும், இந்தத் தேதியிலிருந்து என்று இருந்தால் தொடரே போய்விட்டது. ஆக, ரத்து அறிவிப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

இரண்டாம் முறை அவள் எழுதவில்லை, போன் பண்ணினாள். "சார், அந்த ஒரு நாள் மட்டும்தான் போயிருக்கு. சீரிஸைத் திறந்து எடுக்கணும் சார்" என்றாள். அவர் தொடரைத் திறந்து, பெயரை நீக்கி, அனுப்பும்போது அவுட்லுக் இன்னொரு கேள்வி கேட்டிருக்கிறது: எல்லோருக்கும் அனுப்பவா, சேர்க்கப்பட்டவர்களுக்கும் நீக்கப்பட்டவர்களுக்கும் மட்டும் அனுப்பவா? திரையில் Send updates only to added or deleted attendees என்று இருக்கும். அதைத் தேர்ந்தால் விஷயம் அவளுக்கு மட்டும் போகும். மற்றதைத் தேர்ந்தால் பதினெட்டுப் பேருக்கும் ஒரு மெயில் போய், கிளையன்ட் உட்பட எல்லோரும் என்ன மாறியது என்று தேடுவார்கள்.

பெயரைத் தேடி எடுக்கப் போனால் பட்டியலில் உங்கள் பெயரே இருக்காது என்பதும் உண்டு. குழுவின் முகவரி ஒன்றுதான் இருக்கும். அந்தக் குழுவுக்குள் நீங்கள் இருப்பீர்கள். அப்போது மீட்டிங் வைத்தவரைக் கேட்டுப் பயனில்லை, குழுவைப் பராமரிப்பவரைத்தான் கேட்க வேண்டும். அழைத்தவரே வேலையை விட்டுப் போயிருந்தால் இன்னும் வேடிக்கை. உரிமையாளர் இல்லாத வீட்டில் விளக்கு எரிவதுபோல் வாரா வாரம் மணி அடித்துக்கொண்டிருக்கும். அங்கே உங்கள் காலண்டரிலிருந்து நீங்களே அழித்துவிடலாம். புதுப்பித்து அனுப்ப ஆள் இல்லாததால் திரும்பி வராது. மொத்தமாக எல்லோருக்கும் ஒழிக்க வேண்டுமென்றால், போனவரின் மெயில்பெட்டி இன்னும் உயிரோடு இருக்கும்போதே ஐடி பிரிவிடம் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் மெயில் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் `Remove-CalendarEvents` என்ற கட்டளை அதற்காகவே இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

மீட்டிங்காவது பரவாயில்லை, அதற்கு ஓர் உரிமையாளர் உண்டு. மெயில் தொடருக்கு அப்படி யாருமே இல்லை.

அவளுக்கும் பழைய புராஜெக்ட்டிலிருந்து ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு க்ளெய்ம் திரையில் தொகை தவறாகக் கூட்டுகிறது என்று ஆகஸ்ட்டில் தொடங்கியது. நவம்பரில் நாற்பது மெயிலைத் தாண்டிவிட்டது. என்னை எடுத்துவிடுங்கள் என்று யாரிடம் கேட்பது? எங்கோ ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பெயரை அடித்தால் போதும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு மெயிலும் தன் முகவரிகளைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. ஒருவர் ரிப்ளை ஆல் அழுத்தும்போது, அவர் எந்த மெயிலைத் திறந்து அழுத்தினாரோ அந்த மெயிலின் முகவரிகள் புதிதாகப் படியெடுக்கப்படுகின்றன. அவ்வளவுதான். நீங்கள் நீக்கப்பட்ட பிறகும் யாராவது போன வாரத்து மெயிலைத் திறந்து பதில் எழுதினால், அந்தக் கிளையில் நீங்கள் மறுபடி முளைப்பீர்கள். அதில் சதி ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாள் அப்படி வந்து, பிறகு தானாக அடங்கும்.

இன்னொரு சிக்கல், உங்களை நீங்களே நீக்கிக்கொள்ளவும் முடியாது. "இனி இது என் வேலை இல்லை" என்று ரிப்ளை ஆலில் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். எழுதிய உடனே நீங்கள் அனுப்புநர். அடுத்தவர் ரிப்ளை ஆல் அழுத்தினால் பதில் போவதே அனுப்புநருக்குத்தான், அதாவது உங்களுக்கு. விலகுவதாக அறிவித்த மெயிலே உங்களைத் தொடரின் நடுவில் உட்கார வைத்துவிடும். நாற்பது பேர் அதைப் படிப்பார்கள், அதில் இரண்டு பேர் "எங்களையும் எடுத்துவிடுங்கள்" என்று எல்லோருக்கும் எழுதுவார்கள்.

இது மிகைப்படுத்தல் இல்லை. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே இது நடந்தது. பெட்லாம் டிஎல்3 என்ற ஒரு குழு முகவரியில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தங்களுக்கே தெரியாமல் இருந்தார்கள். ஒருவர் அதைக் கவனித்து, என்னை எடுத்துவிடுங்கள் என்று அந்த முகவரிக்கே எழுதினார். என்னையும், என்னையும் என்று பதில்கள் கிளம்பின. எல்லோருக்கும் பதில் எழுதாதீர்கள் என்று எல்லோருக்கும் பதில் எழுதியவர்களும் உண்டு. சுமார் 1.5 கோடி மெயில்கள் பறந்து, அந்த நிறுவனத்தின் மெயில் அமைப்பே திணறிப்போனது. தன் மெயில் சேவையில் இதற்குத் தடுப்பு ஒன்றை அந்த நிறுவனம் 2020-இல்தான் கொண்டுவந்தது. அதன் தொடக்கக் கணக்கு இப்படி: ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ள தொடரில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து ரிப்ளை ஆல் வந்தால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அந்தத் தொடரில் ரிப்ளை ஆல் நின்றுவிடும். நம் ஆபீஸ் தொடர்களில் நாற்பது பேர்தான். அந்தத் தடுப்பு நமக்கு உதவாது.

ஆகவே கேட்க வேண்டியது ஒரே ஒருவரிடம், தனியாக. தொடரில் யார் அதிகம் எழுதுகிறாரோ அவரிடம். "அடுத்த முறை எழுதும்போது என் பெயரை எடுத்துவிடுங்கள், எனக்குப் பதில் இன்னாரைச் சேருங்கள்" என்று. நாசூக்கு தெரிந்தவர் உங்களை பிசிசி வரிசைக்கு மாற்றி, அதை மெயிலின் முதல் வரியில் எல்லோருக்கும் சொல்லிவிடுவார். பிசிசியில் இருப்பவரின் முகவரி மற்றவர்களுக்குப் போகும் மெயிலில் இருக்காது. அதனால் உங்களுக்கு அந்த ஒரு மெயில் வரும், விஷயம் முடிந்தது என்று தெரியும். அதற்கு மேல் அவர்கள் அழுத்தும் எந்த ரிப்ளை ஆலிலும் நீங்கள் இருக்கமாட்டீர்கள். அவளுக்கு அப்படித்தான் நடந்தது. ஜூனியர்தான் செய்தான். "அக்காவை பிசிசிக்கு மாத்திட்டேன், இனி நான் பார்த்துக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி.

கேட்கவே வாய் வராதவர்களுக்கு அவுட்லுக்கில் Ignore இருக்கிறது, ஜிமெயிலில் Mute இருக்கிறது. முன்னது அந்தத் தொடரையும் இனி வருவதையும் நீக்கியவை பெட்டிக்கு அனுப்பிவிடும். பின்னது இன்பாக்ஸில் காட்டாமல் ஆவணத்துக்குள் தள்ளிவிடும். சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது.

உங்களைப் பொறுத்தவரை அந்தத் தொடர் செத்துவிட்டது. மற்றவர்களைப் பொறுத்தவரை நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள், எல்லாவற்றையும் படித்துக்கொண்டு. "வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதும் பழக்கம் பல டீம்களில் உண்டு. அவளுடைய பழைய தொடரிலும் அப்படி ஒன்று வந்திருந்தது. ரிலீஸ் போகலாமா என்று ஆறு பேரைக் கேட்டிருந்தார்கள். ஆறில் ஒரு பெயர் இவளுடையது. ஐந்து பேர் சரி என்றார்கள், ஒருவர் பேசவில்லை, ரிலீஸ் போய்விட்டது. நல்லவேளை ஒன்றும் உடையவில்லை. உடைந்திருந்தால், "மெயில்லதான் நீங்களும் இருந்தீங்களே" என்ற கேள்விக்கு, மியூட் பண்ணி வைத்திருந்தேன் என்று பதில் சொல்லிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், சத்தமில்லாமல் மியூட் பண்ணுவதைவிட நாலு வரி எழுதிக் கேட்பது நல்லது என்பதற்கு இதுதான் முதல் காரணம். நேரம் மிச்சமாவதெல்லாம் அப்புறம். அந்த நாலு வரி, எந்தத் தேதியிலிருந்து அது உங்கள் பொறுப்பு இல்லை என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி.

அதே காரணத்தால், கேட்கக் கூடாத இடமும் உண்டு. ரிலீஸ் பட்டியலில், தணிக்கைப் படிவத்தில், ஒப்புதல் தருபவர் என்ற இடத்தில் இன்னும் உங்கள் பெயர் இருக்கிறதென்றால், முதலில் அங்கே பெயரை மாற்றச் சொல்லுங்கள். மெயிலிலிருந்து விலகுவது அதற்குப் பிறகு. பொறுப்பு உங்களிடம் இருக்க, தகவல் மட்டும் நின்றுபோனால் இரண்டு பக்கமும் அடி உங்களுக்குத்தான். போவதா வேண்டாமா என்று சந்தேகமாக இருக்கும் மீட்டிங்குக்கு, அழைப்பில் உங்களை ஆப்ஷனல் வரிசைக்கு மாற்றச் சொல்லி ஒரு மாதம் பார்க்கலாம். எதிர்ப்பக்கத்தில், நீங்கள் பார்க்கவே கூடாத விஷயங்கள் ஓடும் தொடர்கள் இருக்கும். பழைய டீமின் சம்பள உயர்வுப் பேச்சு, விட்டு வந்த கிளையன்ட்டின் வாடிக்கையாளர் விவரங்கள். அங்கே தயங்கவே வேண்டாம். இன்றைக்கே எழுதுங்கள், வந்ததைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள்.

இதுவரை பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்குச் சொன்னேன். மீட்டிங் வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் டீமிலிருந்து ஒருவர் மாறிப் போனால், கேக் வெட்டி வழியனுப்பும் அன்றே உங்கள் வாராந்தர அழைப்பின் தொடரைத் திறந்து அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. ஒரு நாளைத் திறக்காதீர்கள், தொடரைத் திறங்கள்.